ஒளிமின் விளைவு: பன்னிரண்டாம் வகுப்புக்கான செய்து காட்டிய கணக்குகள்

போன தேர்வில் ஒரு மாணவர் இயக்க ஆற்றல் −0.39 eV என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார். பெருக்கல், கழித்தல் எல்லாம் சரிதான். ஆனால் இயக்க ஆற்றல் எப்படி எதிர்க்குறியில் வரும்? அதனால் சமன்பாட்டைத் தொடுமுன் ஃபோட்டானின் ஆற்றல் வெளியேற்று ஆற்றலைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

தேவையானவை: h = 6.63 × 10⁻³⁴ J s, 1 eV = 1.6 × 10⁻¹⁹ J. அலைநீளம் நானோமீட்டரில் இருந்தால் E = 1240/λ என்று போட்டால் விடை நேராக எலக்ட்ரான் வோல்ட்டிலேயே கிடைக்கும்; பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கணக்கு 1. பொட்டாசியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.30 eV. பயன்தொடக்க அதிர்வெண் என்ன?

ν₀ = φ/h = (2.30 × 1.6 × 10⁻¹⁹) / (6.63 × 10⁻³⁴) = 5.55 × 10¹⁴ Hz

அலைநீளமாகச் சொன்னால் சுமார் 540 nm, அதாவது பச்சை ஒளி.

கணக்கு 2. அதே பொட்டாசியத்தின் மீது (அ) 650 nm சிவப்பு ஒளி, (ஆ) 400 nm ஊதா ஒளி விழுகிறது. வெளிவரும் எலக்ட்ரான்களின் பெரும இயக்க ஆற்றல், வேகம், நிறுத்து மின்னழுத்தம் காண்க.

(அ) E = 1240/650 = 1.91 eV. இது 2.30-ஐ விடக் குறைவு. எலக்ட்ரான் வெளிவராது, கணக்கு இங்கேயே முடிந்தது. மேலே சொன்ன −0.39 வந்ததும் இங்கேதான். ஒளிச்செறிவை இரண்டு மடங்காக்கினால்? அப்போதும் வராது. ஃபோட்டான்கள் கூடுமே தவிர, ஒவ்வொன்றின் ஆற்றலும் அதே 1.91 தான்.

(ஆ) E = 1240/400 = 3.10 eV

K = 3.10 − 2.30 = 0.80 eV

நிறுத்து மின்னழுத்தம் 0.80 V; எண் மாறாது, அலகு மட்டும் மாறும். வேகத்துக்கு மட்டும் ஜூலுக்கு மாற்றியே ஆக வேண்டும்:

v = √(2K/m) = √(2 × 1.28 × 10⁻¹⁹ / 9.11 × 10⁻³¹) = 5.3 × 10⁵ m/s

கணக்கு 3. ஓர் உலோகத்துக்கு 8 × 10¹⁴ Hz ஒளியில் நிறுத்து மின்னழுத்தம் 1.03 V, 12 × 10¹⁴ Hz ஒளியில் 2.69 V. h, φ இரண்டையும் காண்க.

மில்லிகன் 1916-இல் வெளியிட்ட அளவீட்டின் அடிப்படையும் இதுதான். ஐன்ஸ்டைனின் 1905 விளக்கத்தில் நம்பிக்கை இல்லாமலே அளந்தார், சமன்பாடு பொருந்திவிட்டது!

இரண்டு அளவீட்டுக்கும் eV₀ = hν − φ என்று எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் φ காணாமல் போய்விடும்; V₀ என்பது நிறுத்து மின்னழுத்தம்:

h/e = (2.69 − 1.03) / (4 × 10¹⁴) = 4.15 × 10⁻¹⁵ V s

h = 4.15 × 10⁻¹⁵ × 1.6 × 10⁻¹⁹ = 6.64 × 10⁻³⁴ J s

அப்புறம் முதல் அளவீட்டில் பொருத்தினால்:

φ = (4.15 × 10⁻¹⁵ × 8 × 10¹⁴) − 1.03 = 3.32 − 1.03 = 2.29 eV

நம் பொட்டாசியத்தின் 2.30-ஐ ஒட்டியே வருகிறது.