தண்ணீர்த் தாங்கி கழுவுதல்: மார்ச் 14 காலையிலிருந்து 15 காலை வரை தண்ணீர் இருக்காது, ஞாயிறு காலை நாங்கள் வீட்டுக்குள்ளும் வர வேண்டும்

24 வீட்டாருக்கும் வணக்கம்.

போன கிழமை நானும் வாச்சர் அண்ணனும் மேலே ஏறி இரண்டு தாங்கியையும் திறந்து பார்த்தோம். இடப்பக்கத் தாங்கியின் அடியில் தேயிலைத் தூள் மாதிரி இரண்டு விரல் உயரத்துக்கு மண்டி, அதன் மேல் டர்பன்டைன் மர இலை, ஓரத்தில் ஒரு டெனிஸ் பந்து. மூடியின் ஒரு பக்கக் கொக்கி உடைந்து, காற்றுக்கு மூடி விலகிக்கொண்டே இருந்திருக்கிறது. போன நவம்பரில் டித்வா புயல் வந்த நாட்களில் பைப்பில் வந்த தண்ணீர் என்ன நிறம் என்று யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அந்த மண்ணெல்லாம் வேறெங்கும் போகவில்லை, நம் தாங்கியில்தான் தங்கியிருக்கிறது. நாம் அதைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம் என்பது உண்மைதான், ஆனால் பல் தேய்ப்பதும் பிள்ளைக்கு முகம் கழுவுவதும் கொதிக்க வைத்த தண்ணீரிலா? அதனால் மே மாத மழைக்கு முன்னால் கழுவி முடிப்பது என்று கமிட்டியில் முடிவெடுத்தோம். செலவு 48,000 ரூபாய், பராமரிப்புப் பணத்திலிருந்தே போகும், யாரிடமும் தனியாகக் காசு கேட்க மாட்டோம்.

மார்ச் 14, சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பிரதான வால்வை மூடுவோம். முதலில் கீழே நிலத்தடித் தாங்கி, அப்புறம் மேலே உள்ள 5,000 லீட்டர்த் தாங்கி இரண்டும். பகல் 2 மணிக்கு பவுசர் வந்து மேல் தாங்கிகளை நிரப்பும், அதில் குளோரின் போட்டு இரவு 11 மணி வரை மூடி வைப்போம். சாதாரண அளவு போட்டால் 24 மணி நேரம் ஊற வேண்டும். அவ்வளவு நேரம் இத்தனை பேரைத் தண்ணீரில்லாமல் வைக்க முடியாது என்பதால் இரட்டை அளவு போட்டு எட்டு மணி நேரத்தில் முடிக்கிறோம். இரவு அந்தத் தண்ணீரைப் பின் முற்றத்துக் கிரவலில் மெதுவாக விட்டுவிடுவோம் (லீக்ஸ் பாத்தி வைத்திருக்கும் 1-டி அக்கா பயப்பட வேண்டாம், அந்தப் பக்கம் ஒரு சொட்டும் வராது). விடியும் முன் நல்ல தண்ணீர் ஏற்றிவிடுவோம்.

இதற்கிடையில் குழாயைத் திறந்து பார்த்து, தண்ணீர் வருகிறதே என்று யாரும் பிடிக்க வேண்டாம். வால்வை மூடினாலும் பைப்பில் மிச்சமிருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் சொட்டும், அதில் மண்டி கலந்திருக்கும். வெள்ளிக்கிழமை இரவே வாளி, பேசின், போத்தல், பெரிய சட்டி என்று கையில் கிடைப்பதையெல்லாம் நிரப்பி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாடிப் படியருகிலும் 200 லீட்டர் பீப்பா ஒன்று வைப்போம், அது கழிவறைக்கு மட்டும். குடிக்கவும் சமைக்கவும் உங்கள் தண்ணீரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, இப்போது வீட்டுக்குள் வரும் விஷயம். இதைத்தான் ஆளுக்கொரு மாதிரி கதைக்கிறார்கள், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

தாங்கியை மட்டும் கழுவி விட்டுவிட்டால் பைப்பில் இருக்கும் காற்றும் மண்டியும் உங்கள் குழாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். போன தடவை அதை அவரவர் பொறுப்பில் விட்டோம், நடந்தது என்ன? ஒரு வீட்டார் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, மூட மறந்து ஊருக்குப் போய்விட்டார்கள். நடுச்சாமத்தில் தண்ணீர் வந்ததும் பேசின் நிரம்பி, கூரை வழியாகச் சொட்டி, கீழ் வீட்டில் அரிசி மூட்டை நனைந்தது. அந்தக் கீழ் வீடு என்னுடையது. யார் என்று சொல்ல மாட்டேன், அவர்களே வந்து அரிசி வாங்கித் தந்தார்கள், கதை முடிந்தது. ஆனால் இன்னொரு தடவை வேண்டாம்.

எனவே 15ஆம் திகதி ஞாயிறு, மேலிருந்து கீழாக: 4ஆம் மாடி 7 மணி, 3ஆம் மாடி 7.40, 2ஆம் மாடி 8.20, 1ஆம் மாடி 9 மணி. இரண்டு குழு வரும், ஒவ்வொன்றிலும் வேலை செய்யும் ஒருவரும் கமிட்டியில் ஒருவரும். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு கமிட்டி டீச்சர் கூட வருவார், முன்கூட்டிச் சொன்னால் போதும். வீட்டுக்கு 12 நிமிடம். சமையலறையிலும் குளியலறையிலும் மட்டும் வேலை: குழாய் முனையிலுள்ள சின்ன வலையைக் கழற்றிவிட்டு, மண்டியும் குளோரின் வாடையும் போகும் வரை தண்ணீரை ஓடவிட்டு, மறுபடி பூட்டித் தருவார்கள். வேறு அறைக்குள் யாரும் காலடி வைக்க மாட்டார்கள், வைத்தால் என்னிடம் சொல்லுங்கள். காலை பூசைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரோடு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

4-பி வீட்டாருக்கு மட்டும் சனிக்கிழமையும் தொந்தரவு. மேல் தட்டுக்கு ஏணி அவர்கள் பின் பால்கனி வழியாகத்தான் இருக்கிறது. காலை 7 மணியிலிருந்து பகல் 3 மணி வரை ஆட்கள் போய் வருவார்கள், இரவு 11 மணிக்கு ஒருமுறை. தரையில் விரிக்க சாக்கு நாங்களே கொண்டு வருகிறோம். மற்றவர்கள் அன்று பிள்ளைகளை மேலே விட வேண்டாம், நிலத்தடித் தாங்கியின் மூடி திறந்திருக்கும் நேரம் வாச்சர் அண்ணன் அருகிலேயே நிற்பார் என்றாலும் முற்றத்துப் பக்கமும் விட வேண்டாம். உள்ளே இறங்குபவருக்கு மேலே எப்போதும் ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்றும், ஜெனரேட்டரை அந்தக் குழியருகில் கொண்டுவரக் கூடாது, அதன் புகை உள்ளே இருப்பவரின் உயிரையே எடுத்துவிடும் என்றும் வேலைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.

சனிக்கிழமை காலை வீட்டில் செய்ய வேண்டியது: சுடுதண்ணி ஹீட்டரின் சுவிட்சை அணைத்து வையுங்கள், ஞாயிறு நம் ஆட்கள் வந்து போன பிறகே போடுங்கள். தண்ணீர் இல்லாமல் எரிந்தால் கொயில் போய்விடும், இந்தக் குளிரில் அது பெரிய தண்டனை. உடுப்புக் கழுவும் மெஷினின் குழாயையும், வடிகட்டி மாட்டியிருந்தால் அதையும் மூடுங்கள். மீன் தொட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை புதுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், குளோரின் மீனுக்கு ஆகாது.

அந்த நாட்களில் ஊரில் இல்லாதவர்கள் சாவியை வியாழன் இரவுக்குள் உறையில் போட்டு, மேலே கையெழுத்திட்டு, 2-சி இல் என்னிடமோ நீங்கள் நம்பும் பக்கத்து வீட்டாரிடமோ கொடுங்கள். சாவியும் இல்லை, ஆளும் இல்லை என்றால் நாங்கள் பூட்டை உடைக்கப் போவதில்லை. படிக்கட்டுப் பக்கம் இருக்கும் உங்கள் வீட்டு வால்வை மட்டும் மூடி வைப்போம், திரும்பி வந்ததும் கதவைத் தட்டினால் ஒருவர் கூட வந்து திறந்து விடுவார், அதுவரை தண்ணீர் கிடைக்காது. கோபித்துக்கொள்ள வேண்டாம், என் அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மழை கொட்டினால் வேலை அடுத்த சனி, ஞாயிறுக்குத் தள்ளிப்போகும், வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு கேட் பலகையில் எழுதிவிடுவோம். ஞாயிறு பகலுக்குப் பிறகும் தண்ணீரில் வாடை கடுமையாக இருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ உடனே சொல்லுங்கள், மறுபடி ஓடவிட்டுப் பார்ப்போம்.

டெனிஸ் பந்து என்னிடம் இருக்கிறது. எந்தப் பிள்ளையுடையது என்று தெரியும், ஆனாலும் வந்து கேட்டால்தான் கொடுப்பேன், எப்படித் தாங்கிக்குள் போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

செயலாளர், 2-சி
குடியிருப்போர் கமிட்டி, ஹட்டன்
05.03.2026