நோட்டில் ஏறிய பை

கொருக்குப்பேட்டையில், ரயில்வே கேட்டைத் தாண்டிச் சற்று உள்ளே இருக்கும் ஒரு மளிகைக் கடை. மாலை நான்கு மணி. வேலை முடிந்து வருகிறவர்களின் கூட்டம் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர், இருபது ஆண்டுகளாக இங்கேயே மாதச் சாமான் வாங்குபவர், இரண்டு துணிப்பைகளோடும் ஒரு தூக்குவாளியோடும் வந்து நிற்கிறார்.

கடைக்காரர்: வாருங்கள் டீச்சரம்மா. சீட்டைக் கொடுங்கள், பையனை எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

டீச்சர்: சாமான் மெதுவாக வரட்டும், அண்ணாச்சி. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தேன். தராசுக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்குகிற அந்தப் பிளாஸ்டிக் கவர்க் கட்டை எப்போது கழற்றப் போகிறீர்கள்?

கடைக்காரர்: நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். 2019 ஜனவரி முதல் தேதி தடை வந்தபோது, இந்தத் தெருவில் முதலில் கழற்றியவன் நான்தான். இரண்டு மாதம் கவரே இல்லாமல் வியாபாரம் செய்தேன். கையை வீசிக்கொண்டு வருகிறவர்கள் அரைக் கிலோ சர்க்கரையும் கால் கிலோ பருப்பும் கேட்பார்கள்; கவர் இல்லை என்றால் அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே கவர் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது மனம் தளர்ந்துபோய் மறுபடியும் மாட்டினேன். அதற்காக ஒருமுறை அபராதமும் கட்டினேன்.

டீச்சர்: உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 2023 டிசம்பரில் புயல் மழை பெய்தபோது, தண்ணீர் வடிந்த பிறகு கேப்டன் காட்டன் கால்வாய்ப் பாலத்தருகே நான் பார்த்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலத்தின் அடியில் தண்ணீர் போகிற வழியில், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சேறு ஏறிய மெத்தையைப் போலக் கவர்கள் அடைத்துக் கிடந்தன. ஆள் ஒருவர் கம்பியால் குத்தி இழுக்க இழுக்க, கயிறு திரித்ததைப் போல நீளமாக வந்துகொண்டே இருந்தது. அதில் உங்கள் கடையில் கொடுக்கிற பச்சைக் கோடு போட்ட கவரும் இருந்தது. நான் வாங்கிப் போனதாகக்கூட இருந்திருக்கலாம். வெள்ளத்துக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றதை நினைக்கும்போது அந்தக் கோடுதான் கண்ணில் நிற்கிறது.

கடைக்காரர்: (சற்று நேரம் பேசாமல் இருந்து) குப்பை வண்டிக்காரர்களிடம் ஒழுங்காகப் போட்டால் கால்வாய்க்குப் போகாதே அம்மா?

டீச்சர்: வண்டியில் போட்டால் கொடுங்கையூர் மேட்டுக்குப் போகும். அங்கே பொறுக்குகிறவர்கள் பாட்டிலை எடுப்பார்கள், அட்டையை எடுப்பார்கள். குழம்பு ஒட்டிய மெல்லிய கவரை எடுக்க மாட்டார்கள். ஒரு கிலோ சேர்க்க எத்தனை நூறு கவர் பொறுக்க வேண்டும், அதைக் கழுவுவது யார்? அதனால் அது மண்ணோடு கிடக்கும், அல்லது எரியும். அந்தப் புகை நம் பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும்தான் வருகிறது.

கடைக்காரர்: சரி, அதனால்தான் போன மாதம் துணிப்பை வரவழைத்தேன். இதோ பாருங்கள். மொத்தக் கடையில் துணி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

டீச்சர்: தீப்பெட்டி ஒன்று கொடுங்கள். (பையின் ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து, தீக்குச்சியை அருகே கொண்டு போகிறார்.) பாருங்கள், பருத்தியாக இருந்தால் காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும். இது சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பு மணி போல உருண்டு நிற்கிறது. ஆறிய பிறகு நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும். நெய்யாமல் அழுத்திச் செய்த பிளாஸ்டிக் இது. தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

கடைக்காரர்: இதற்கும் பணம் கொடுத்து ஏமாந்தேனா! அப்படியானால், கனமான 120 மைக்ரான் கவர் செல்லும் என்று ஒரு விற்பனையாளர் வந்து சொன்னாரே?

டீச்சர்: அந்த 120 மைக்ரான் அளவு மத்திய அரசின் விதியில் வருவது, 2022 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் மாநிலத்திலோ எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடைதான். ஆகவே அந்த வழியை விட்டுவிடுங்கள்.

கடைக்காரர்: சாமான் கட்டுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் அப்பா கடையில் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, பருப்பைக் கொட்டி, வாயை மடித்து, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தால் பொட்டலம் பட்டென்று நிற்கும். என் கை அதை மறக்கவில்லை; அச்சு மை ஒட்டாத வெற்றுத் தாள் வாங்கினால் போதும். எண்ணெய்க்குப் பாத்திரம் கொண்டு வரச் சொல்லலாம். இட்லி மாவுதான் சிக்கல். ராத்திரி எட்டு மணிக்கு ஆலையிலிருந்து நேராக வருகிற பெண்ணிடம் பாத்திரம் எப்படி இருக்கும்?

டீச்சர்: உண்மைதான், அதற்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. மூடி போட்ட டப்பாக்கள் பத்து வாங்கி வைத்து, மறுநாள் திருப்பித் தரும்படி கேட்டுப் பாருங்கள். மற்றதற்கு என் மனதில் ஒரு யோசனை இருக்கிறது. உங்கள் கடன் நோட்டில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன?

கடைக்காரர்: அறுபதுக்கு மேல் இருக்கும்.

டீச்சர்: ஒரு மாத அரிசியையும் எண்ணெயையும் ஒரு கையெழுத்துகூட வாங்காமல் அறுபது வீட்டுக்குக் கொடுக்கிறீர்கள். ஒரு மஞ்சப்பையைக் கொடுக்க மாட்டீர்களா? பை கொண்டு வராதவர்களுக்குப் பருத்திப் பை ஒன்றைக் கொடுங்கள். அவர்கள் பக்கத்தில் ‘பை 1’ என்று எழுதுங்கள். திருப்பித் தந்தால் அடித்துவிடுங்கள். மாதக் கடைசிவரை வராவிட்டால் சாமானோடு பையின் விலையையும் சேருங்கள். நோட்டில் இல்லாத புதியவர்களிடம் மட்டும் இருபது ரூபாய் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்: பக்கத்துக் கடை?

டீச்சர்: அவரிடம் நான் பேசுகிறேன். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அவர் மாறுவதற்கு ஒரு மாதம் பிடித்தாலும், உங்களிடம் நோட்டு வைத்திருக்கிற அறுபது வீடு ஒரு கவருக்காகக் கடனை விட்டுவிட்டு அங்கே போகாது.

கடைக்காரர்: (மெல்லத் தலையசைத்து) ஒரு நாளைக்கு இருநூறு கவர் போகிறது டீச்சரம்மா. எச்சில் தொட்டு, வாயால் ஊதி ஊதித் திறந்து கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டுச் சாமானுக்கு அது அழகான வழக்கமும் இல்லை. முதலில் ஐம்பது பை தைக்கக் கொடுக்கிறேன். நம் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கிற பெண்களிடமே கொடுத்துவிடலாம்.

(பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன் வந்து, அம்மா ஒரு கிலோ ரவையும் வெல்லமும் வாங்கிவரச் சொன்னதாகச் சொல்கிறான். கையில் பை இல்லை. கடைக்காரரின் கை பழக்கத்தில் கொக்கியை நோக்கிப் போய், நடுவழியில் நிற்கிறது.)

டீச்சர்: என்னுடைய இரண்டில் ஒன்றை அவனுக்குக் கொடுங்கள், அண்ணாச்சி. உங்கள் பை தைத்து வரும்வரை அது சுற்றட்டும்.

கடைக்காரர்: தம்பி, இது டீச்சர் பை. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது கொண்டு வந்து கொடுத்துவிட வேண்டும், சரியா? (நோட்டைப் புரட்டி, சிறுவனின் வீட்டுப் பக்கத்தில் ரவைக்கும் வெல்லத்துக்கும் கீழே ‘பை 1’ என்று எழுதுகிறார். பிறகு முக்காலியில் ஏறிக் கவர்க் கட்டைக் கழற்றுகிறார்.) உங்கள் சீட்டைப் படியுங்கள் டீச்சரம்மா. துவரம் பருப்பு எத்தனை கிலோ?