அவுரி நீலக் கோர்வைச் சேலை: 7,400 ரூபாய் எப்படி வந்தது?

இதே நிறத்தில் விசைத்தறிச் சேலை இதன் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும். அப்படியிருக்க இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பது நியாயம்தான்.

முதலில் நீலம். அவுரிச் சாயம் வெறும் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வெல்லமும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தொட்டியில் நாள்கணக்கில் புளிக்க வைத்தால்தான் நூலில் ஏறும். அதிலிருந்து எடுக்கும்போது சிட்டம் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். ஒரு முக்கில் கிடைப்பது வெளிர்நீலம். இந்தச் சேலையின் அடர்ந்த நீலத்துக்கு எட்டு முறை முக்கி, ஒவ்வொரு முறையும் உலர்த்துகிறோம். மழை பிடித்துக்கொண்டால் வேலை அப்படியே நிற்கும்.

கரையின் சிவப்பு மஞ்சிட்டி வேரிலிருந்து வருகிறது. கடுக்காய் நீரிலும் படிகாரத்திலும் ஊறாத பருத்தி நூலில் அந்தச் சிவப்பு நிற்காது. மஞ்சள் கிழங்கில் பளிச்சென்ற மஞ்சள் எளிதாகக் கிடைக்கும்தான். ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் நாங்கள் அதைத் தொடுவதில்லை.

அப்புறம் தறி. கஞ்சி போட்டு, நெடுக்கு இழைகளான பாவை ஓட்டி, ஏறத்தாழ 3,000 இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாகக் கையால் பிணைக்க வேண்டும். நாடாவுக்குள் வைக்கும் நூலைத் தாராகச் சுற்றுவது தனி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் முதல் இழை நெய்ய முடியும்.

ரவிக்கைத் துணியோடு சேலை 6.2 மீட்டர். அங்குலத்துக்கு 60 ஊடை, அதாவது குறுக்கு இழை, என்றால் மொத்தம் சுமார் 14,600. கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் நெய்து கோர்க்கும் கோர்வை என்பதால் உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். அறுந்த இழையை முடிந்து, கரையும் உடலும் சேரும் இடத்தைச் சரிபார்த்து முடிக்க 26 மணி நேரம் பிடிக்கிறது. வாங்கியதும் அந்தச் சேர்ப்பைக் கையால் தடவிப் பாருங்கள்.

விலையில் நூல் 950 ரூபாய், சாயம் 1,400, பாவு வேலையும் தார் சுற்றலும் 750. நெசவுக் கூலி, துணை இருப்பவருக்கும் சேர்த்து 3,500. மீதி 800 சங்கத்துக்கு: வாடகை, பொதி, போக்குவரத்து. ஆடித் தள்ளுபடி எங்களிடம் இல்லை. கொடுத்தால் அது கூலியில்தான் கைவைக்கும். அதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒரு தொட்டி நீலம் அடுத்த தொட்டி போல இருக்காது. படத்தில் பார்ப்பதைவிட ஒரு சாயல் கூடவோ குறையவோ வரலாம். புதிதில் கொஞ்சம் நீலம் கையில் ஒட்டும். முதல் சில தடவை தனியாக, குளிர்ந்த நீரில் பூந்திக்கொட்டை போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள்.

இப்போது கைவசம் 4 சேலைகள் உள்ளன. அடுத்த பாவு சாயத்தில் இருக்கிறது. நெய்து வர ஐந்து வாரம் ஆகும்.