ராத்திரி டியூட்டி

முத்தையா அந்தக் குடோனுக்கு வாட்ச்மேனாக வந்த இரண்டாவது மாதமே திருடன் என்று பெயர் வாங்கிவிட்டார். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 50 கிலோ பிடித்துத் தைத்த மூட்டை தராசில் 49 காட்டும்போதெல்லாம் மேனேஜர் தராசைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"ராத்திரி உள்ள யாராவது வர்றாங்களா பெரியவரே?"

"இல்லீங்க சார். எலிதான்."

"எலி ஒரு கிலோ தின்னுமா?"

தின்னாதுதான். தின்பதைவிட எலி சிந்துவது அதிகம். சாக்கின் அடியில் ஒரு ஓட்டை போட்டால் போதும், மேலே இருக்கிற தானியம் தானாகவே ஒழுகிக்கொண்டிருக்கும். சிந்தியது காலையில் லோடுமேன்களின் விளக்குமாற்றோடு வெளியே போய்விடும். இதையெல்லாம் சொல்ல முத்தையாவுக்கு வாய் வரவில்லை. விளக்கம் சொல்லச் சொல்லத்தான் திருடன் மாதிரித் தெரிவோம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

அவருடைய வேலைக்கு ஒரு நோட்டு உண்டு. மணிக்கு ஒரு தடவை சுற்றி வந்து, நேரத்தைப் போட்டு, "எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மூட்டை அட்டிக்குப் பின்னால் கறுக் கறுக் என்று சத்தம் கேட்கும். டார்ச் அடித்தால் நிற்கும். அணைத்தால் மறுபடி தொடங்கும். எலிகள் எப்போதும் ஒரே பாதையில், சுவரை ஒட்டியே ஓடின. ஓடி ஓடிச் சுவரின் அடியில் எண்ணெய்க் கை பட்டது போல ஒரு கறுப்புத் தடம் விழுந்திருந்தது. கூண்டு வைத்துப் பார்த்தார். ஐந்து நாள் ஒன்றும் கிட்டே வரவில்லை. ஆறாம் நாள் ஒரு குஞ்சு மாட்டியது. அப்புறம் அந்தக் கூண்டைச் சுற்றிக்கொண்டு ஓடப் பழகிவிட்டன.

பூனை வந்தது உடைந்த ஜன்னல் வழியாக. முதலில் ஆள்தான் என்று நினைத்துத் தடியால் ஷட்டரைத் தட்டினார். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பச்சைக் கண்கள் தெரிந்தன. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் வரி, இடது காது நுனி கிழிந்திருந்தது. எங்கெங்கோ அடிபட்டுப் பிழைத்தது போல. அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, இவரால் ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்ததைப் போல உள்ளே குதித்துவிட்டது.

அன்று ராத்திரி முத்தையா ஒரு வேலைக்காரியைப் பார்த்தார். எலி வளையிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் பூனை உட்கார்ந்தது. அப்படியே இருந்தது. அவர் ஒரு சுற்றுப் போய்வந்தார், இருந்தது. அடுத்த சுற்றும் போய்வந்தார், இருந்தது. வாலின் நுனி மட்டும் எப்போதாவது அசைந்தது. இவர் அதற்குள் ஏழெட்டுக் கொட்டாவி விட்டிருப்பார். இரண்டு மணிக்கு மேல் ஒரு 'கீச்', அவ்வளவுதான். நோட்டில் "எல்லாம் சரி" என்று எழுதிவிட்டு, தூக்குவாளியில் மிச்சமிருந்த சோற்றில் ஒரு பிடியை எடுத்துத் தரையில் வைத்தார்.

"சோறு போடாதீங்க பெரியவரே, வயிறு நெறஞ்சா எலி பிடிக்காது" என்றார் லோடுமேன் ஒருவர். சரிதானே என்று தோன்றியது. நிறுத்திப் பார்த்தார். இரண்டு ராத்திரி பூனையைக் காணவே இல்லை, கறுக் கறுக் திரும்பி வந்துவிட்டது. பசித்த பூனை சோறு கிடைக்கிற இடத்தைத் தேடிப் போகும். சோறு கிடைக்கிற பூனை அங்கேயே இருக்கும். இருக்கிற பூனை கண்ணெதிரே ஓடுகிற எலியைச் சும்மா விடுமா? மூன்றாம் நாள் வந்ததும் ஒரு பிடிக்கு இரண்டு பிடியாக வைத்தார்.

கணக்குப் பார்த்தால் அது பிடித்தவை ஒன்றும் மலையில்லை. முதல் வாரம் ஐந்து. அடுத்த வாரம் இரண்டு. ஒரு தடவை பெருச்சாளி ஒன்று எதிரே வந்தபோது, முக்கியமான வேறு ஜோலி ஞாபகம் வந்ததைப் போலப் பூனை நகர்ந்து வழிவிட்டதையும் அவர் பார்த்தார். அதில் அவருக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் பூனை நடமாட ஆரம்பித்ததும் எலிகள் வெளியே வருவது நின்றது. வராத நேரத்தில், மதில் ஓரம் கிடந்த அரை மூட்டை சிமென்டைக் குழைத்து, கண்ணாடித் துண்டுகளைத் திணித்து வளைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். பெருச்சாளி வளைக்கு மட்டும் இரண்டு சட்டி கலவை பிடித்தது. ஒரு மாதத்தில் சுவரோரக் கறுப்புத் தடத்தின் மேல் தூசி படிந்திருந்தது. அதன் மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் எலி மருந்துப் பொட்டலங்களோடு வந்து நின்றார்.

"மூலைக்கு மூலை வெச்சிருங்க. வெச்ச நேரத்த நோட்ல எழுதுங்க."

மருந்து தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடும். தள்ளாடுகிற எலிதான் பூனைக்குச் சுலபமாகக் கிடைக்கும். பூனை இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லலாம். எலி செத்தால் உங்களுக்கென்ன கஷ்டம் என்று கேட்டால்? முத்தையா பொட்டலங்களை வாங்கிக்கொண்டார். ராத்திரி அவற்றைப் பிரிக்காமலே தன் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். நோட்டை எடுத்து, "10 மணி. மருந்து வைத்தாயிற்று. எல்லாம் சரி" என்று எழுதினார். அந்த நோட்டில் அவர் தெரிந்தே எழுதிய முதல் பொய். கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

அடுத்த எடையில் மூட்டைகள் 50 கிலோவில் நின்றன. ஒன்றிரண்டில் கால் கிலோ குறைந்தது, அது தானியம் காய்ந்ததில் போனது. மேனேஜர் இந்தத் தடவை தராசைப் பார்த்தார்.

"பாத்தீங்களா, நல்ல மருந்து!"

"ஆமாங்க சார்."

அப்போது பார்த்து அட்டியின் உச்சியில் படுத்திருந்த பூனை சோம்பல் முறித்தது.

"இது என்ன பெரியவரே? எலியே இல்ல, பூனை எதுக்கு? மூட்டை மேல அசிங்கம் பண்ணி வெக்கும். தூரமா கொண்டுபோய் விட்டுருங்க."

சாயங்காலம் ஒரு காலிச் சாக்கில் பூனையைப் பிடித்துப் போட்டார். முன்கையில் மூன்று கீறல். சைக்கிள் கேரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பியதை மேனேஜர் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மதில் முடிகிற திருப்பம்வரை மிதித்தார். திரும்பினார். பின்பக்கச் சுவரை ஒட்டிப் போகிற சந்தில், உடைந்த ஜன்னலுக்கு நேர் கீழே சைக்கிளை நிறுத்தினார். ஆபீஸ் பூட்டுகிற சத்தம் கேட்கிறவரை சாக்கின்மேல் கைவைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் முடிச்சை அவிழ்த்தார். அது அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜன்னலில் ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் மேனேஜர் கேட்டார்.

"விட்டாச்சா?"

"விட்டாச்சுங்க சார்."

மேனேஜர் வருவது ஒன்பது மணிக்கு மேல். ஆறு மணிக்கெல்லாம் பூனை ஜன்னல் வழியாக வெளியே போய்விடும். இருவரும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பே இல்லை.

அன்று ராத்திரி இரண்டு மணிச் சுற்று முடிந்து முத்தையா நோட்டைத் திறந்தார். அடைத்த வளை ஒன்றின் முன்னால் பூனை இன்னும் நம்பிக்கை விடாமல் உட்கார்ந்திருந்தது. "2 மணி. எல்லாம் சரி" என்று எழுதினார். பேனாவை மூடப் போனவர், பக்கத்தில் சின்ன எழுத்தில் "ஆள் 2" என்று சேர்த்துவிட்டு எழுந்து போனார்.