சமனிலிகளுக்கு ஐந்து வாரம்: தங்கச்சிக்கு ஒரு படிப்புத் திட்டம்

தங்கச்சி,

நீ கொடுத்துவிட்ட இரண்டாம் தவணை இணைந்த கணித விடைத்தாளை இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன். உனக்குச் சமனிலி விளங்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அது சரியில்லை. உனக்கு விளங்குகிறது, மூன்று இடத்தில் மட்டும் புள்ளி போயிருக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். பெருக்கும்போதும் வர்க்கிக்கும்போதும் குறியைப் பார்க்காமல் போகிறாய்.

உன் தாளில் இருந்தே ஒன்று. 1/x < 2 என்பதைத் தீர்க்கச் சொன்னார்கள். நீ இரண்டு பக்கமும் x ஆல் பெருக்கி 1 < 2x, ஆகவே x > 1/2 என்று முடித்துவிட்டாய். இப்போது x = -1 ஐப் போட்டுப் பார். இடப்பக்கம் -1. அது 2 ஐவிடச் சிறியதுதானே? ஆனால் உன் விடையில் -1 இல்லை. மறை எண்கள் முழுவதும் காணாமல் போய்விட்டன. x நேரா மறையா என்று தெரியாமல் அதனால் பெருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் (2x - 1)/x > 0 வரும். அங்கிருந்து x < 0 அல்லது x > 1/2.

இந்தத் திட்டம் முழுக்க இந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதற்குத்தான்.

நேரம்

செப்டம்பர் 1 திங்கட்கிழமை தொடங்கி அக்டோபர் 5 ஞாயிறு வரை ஐந்து வாரம். காலையில் அம்மா பிரட்டுக்குப் போக எழும்பும்போதே நீயும் எழும்புகிறாய். 4.45 இலிருந்து 5.30 வரை சமனிலிக்கு வை. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் கணக்குச் செய்ய வேண்டாம், வளைவுக்கு வளைவு பேனை ஓடிவிடும். முதல் நாள் செய்த ஒரு கணக்கை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார், அது போதும். இரவு பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும். அதில் கை வைக்காதே. சனிக்கிழமை டியூஷன் முடிந்து வந்து களைத்திருப்பாய், அன்று விடு. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணித்தியாலம் முழுமையாக வேண்டும்.

மழைக்குக் கரண்ட் போகும் நாட்களில் விளக்கு வெளிச்சத்தில் புதுப் பாடம் தொடங்காதே. அன்று வரைபு மட்டும் கீறு. அதற்குக் கண்ணும் கையும் போதும்.

இரண்டு கொப்பி எடு. ஒன்று கணக்குச் செய்ய, பெரிய சீ.ஆர். கொப்பி. மற்றது சின்னது, பிழைக் கொப்பி. பிழைத்த ஒவ்வொரு கணக்கையும் அதில் முழுதாக எழுதாதே. எந்த வரியில் பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று இரண்டு வரி மட்டும்.

முதல் வாரம்: குறி

இது உனக்கு லேசாகத் தெரியும். தெரிந்தாலும் தாண்டாதே. ஏகபரிமாணச் சமனிலிகள், மறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்புவது, எண்கோட்டில் திறந்த வட்டமும் மூடிய வட்டமும். ஒரு நாளைக்கு எட்டுக் கணக்கு.

இந்த வாரத்திலிருந்து ஒரு சட்டம். விடை வந்ததும் விடைக்குள் ஓர் எண், விடைக்கு வெளியே ஓர் எண் எடுத்து மூலச் சமனிலியில் போட்டுப் பார். அரை நிமிடம் கூட ஆகாது. 1/x < 2 இல் நீ -1 ஐப் போட்டிருந்தால் அந்தப் புள்ளி உன்னிடமே இருந்திருக்கும்.

இரண்டாம் வாரம்: இருபடியும் விகிதமுறு சமனிலியும்

காரணிப்படுத்து, பூச்சியமாகும் இடங்களை எண்கோட்டில் குறி, ஒவ்வொரு துண்டிலும் குறி பார், அட்டவணை போடு. உங்கள் சேர் இதை நன்றாகப் படிப்பித்திருக்கிறார் என்று உன் கொப்பியிலேயே தெரிகிறது. அட்டவணையை மனதுக்குள் போடாமல் தாளில் போடு. புள்ளி தருபவருக்கு உன் மனது தெரியாது.

ஒன்றை நான் செய்து காட்டுகிறேன்.

(x + 1)/(x - 2) ≥ 3

3 ஐ இந்தப் பக்கம் கொண்டுவா: (x + 1 - 3x + 6)/(x - 2) ≥ 0

அதாவது (7 - 2x)/(x - 2) ≥ 0

-1 ஆல் பெருக்கு, குறி திரும்பும்: (2x - 7)/(x - 2) ≤ 0

ஆகவே 2 < x ≤ 7/2.

இடது முனையைப் பார். ≤ என்று இருந்தாலும் 2 சேராது, அங்கே பகுதி பூச்சியமாகிவிடும். 7/2 சேரும். நான் முதல் தடவை உயர்தரம் எழுதியபோது இப்படியான ஓர் இடத்தில் இரண்டு முனையையும் சேர்த்து எழுதிவிட்டு வந்தேன். வெளியே வந்து மண்டபப் படியில் உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் பிடிபட்டது. அதனால் சொல்கிறேன், கணக்கின் முதல் வரியிலேயே x ≠ 2 என்று எழுதிவிடு. எழுதியது கண் முன்னால் இருக்கும்.

அப்புறம் வர்க்கக் காரணி வரும் கணக்குகள். (x - 1)²(x - 4) ≥ 0 என்பதற்கு x ≥ 4 என்று மட்டும் எழுதுபவர்கள் நிறைய. x = 1 இலும் அது பூச்சியம்தான், ஆகவே x = 1 என்ற ஒற்றைப் புள்ளியும் விடையில் சேரும். இதையே < 0 என்று கேட்டால் x < 4, ஆனால் x ≠ 1. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்.

மூன்றாம் வாரம்: மட்டு

இந்த வாரத்துக்கு அதிக நேரம் கொடு. முடியாவிட்டால் நான்காம் வாரத்தில் இரண்டு நாளை எடுத்துக்கொள். உயர்தர வினாத்தாள் I இன் பகுதி A இல் மட்டு வரைபோடு சமனிலி வருவது பழக்கமான விஷயம்.

முதல் மூன்று நாள் சமனிலியே வேண்டாம். y = |x|, y = |x - 2|, y = 2|x - 2|, y = |x| + 1 போன்றவற்றைக் கீறிக்கொண்டே இரு. உச்சி எங்கே, சாய்வு எவ்வளவு, அச்சுக்களை எங்கே வெட்டுகிறது. ஒவ்வொன்றிலும் இந்த மூன்றையும் குறி.

நான்காம் நாள் இதைச் செய்: 2|x - 2| < |x| + 1.

இரண்டு வரைபையும் ஒரே படத்தில் கீறு. ஒன்றின் உச்சி (2, 0), மற்றதன் உச்சி (0, 1). படத்தைப் பார்த்தாலே இரண்டு இடத்தில் வெட்டுவது தெரியும். ஒன்று 0 க்கும் 2 க்கும் இடையில், அங்கே 4 - 2x = x + 1, ஆகவே x = 1. மற்றது 2 க்கு வலப்பக்கம், அங்கே 2x - 4 = x + 1, ஆகவே x = 5. இடையில் முதல் வரைபு கீழே இருக்கிறது. விடை 1 < x < 5.

இதோடு வினா முடியாமலும் போகலாம். "இதிலிருந்து, 4|x - 1| < 2|x| + 1 ஐத் தீர்க்க" என்று ஒரு வால் வரலாம். பயப்படாதே, புதிதாகக் கீற வேண்டாம். முதல் சமனிலியில் x இருக்கும் இடத்தில் 2x ஐப் போட்டால் இதுதான் வரும். ஆகவே 1 < 2x < 5, அதாவது 1/2 < x < 5/2. "இதிலிருந்து" என்ற சொல்லைக் கண்டால் மேலே உள்ள விடையை எப்படிப் பாவிக்கலாம் என்று முதலில் தேடு.

இனி உன் தாளில் இருந்த இரண்டாவது பிழை. |x - 3| > 2x. நீ இரண்டு பக்கத்தையும் வர்க்கித்து (x + 3)(x - 1) < 0 க்கு வந்து -3 < x < 1 என்று எழுதினாய். கணக்கு வரி ஒவ்வொன்றும் சுத்தம். ஆனால் x = -5 ஐப் போடு: 8 > -10, உண்மை. உன் விடையில் -5 இல்லை. வலப்பக்கம் மறையாக இருக்கும்போது வர்க்கித்ததுதான் பிழை. x மறை என்றால் இடப்பக்கம் நேர், வலப்பக்கம் மறை, சமனிலி தானாகவே உண்மை. சரியான விடை x < 1. இரண்டு பக்கமும் மறையல்லாதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வர்க்கி. இல்லையென்றால் வரைபு கீறு. என்னைக் கேட்டால், தெரிந்தாலும் வரைபு கீறு.

மூன்றாவது பிழையும் இதே வகைதான். அதை நீயே கண்டுபிடித்துப் பிழைக் கொப்பியில் முதல் ஆளாக எழுது.

நான்காம் வாரம்: தன்மைகாட்டியும் நிறுவல்களும்

kx² + 4x + k எல்லா மெய் x க்கும் நேராக இருக்க k என்ன? k > 0, 16 - 4k² < 0, இரண்டும் வேண்டும். ஆகவே k > 2. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு k < -2 ஐயும் சேர்த்துவிடாதே.

வீச்சுக் கேட்கும் கணக்கும் இதே வேலைதான். y = x/(x² + x + 1) என்றால் yx² + (y - 1)x + y = 0. x மெய்யாக இருக்க (y - 1)² - 4y² ≥ 0. சுருக்கினால் (y + 1)(3y - 1) ≤ 0, ஆகவே -1 ≤ y ≤ 1/3. x = -1, x = 1 ஐப் போட்டு இரண்டு முனையும் வருகிறதா என்று பார்.

நிறுவலுக்கு (a - b)² ≥ 0 இலிருந்து தொடங்கப் பழகு. நேர் x க்கு x + 1/x ≥ 2 என்பதை அப்படி நிறுவிப் பார். பிறகு n ≥ 5 க்கு 2ⁿ > n² என்பதைத் தொகுத்தறிவு முறையில் ஒரு தடவை எழுது. இரண்டு போதும். நேரத்தை மட்டுக்கு மிச்சம் பிடி.

ஐந்தாம் வாரம்: மணிக்கூடு

வினாத்தாள் I இல் பகுதி A க்குப் பத்து வினா, ஒவ்வொன்றும் 25 புள்ளி, எல்லாம் செய்ய வேண்டும். பகுதி B இல் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றும் 150. மொத்தம் 1000 புள்ளிக்கு மூன்று மணித்தியாலம். கணக்குப் பார்த்தால் 25 புள்ளி வினா ஒன்றுக்கு நாலரை நிமிடம்தான்.

ஆகவே கடந்தகால வினாத்தாள்களில் சமனிலி வினாக்களை மட்டும் பொறுக்கி எடு. திங்கள், செவ்வாய் ஒன்றுக்கு எட்டு நிமிடம். புதன், வியாழன் ஆறு. வெள்ளியிலிருந்து நாலரை. நேரம் முடிந்ததும் பேனையை வைத்துவிடு, பிறகு சிவப்புப் பேனையால் மிச்சத்தை முடி. புள்ளியிடும் திட்டத்தை எடுத்து நீயே திருத்து. படிக்குப் படி புள்ளி பிரித்திருப்பதைப் பார்த்தால், விடை பிழைத்தாலும் வரைபுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று விளங்கும்.

ஒரு வாரம் பின்தங்கினால் இரவு முழிக்காதே. முதல், நான்காம் வாரங்களில் கணக்கின் எண்ணிக்கையைக் குறை. இரண்டையும் மூன்றையும் தொடாதே.

அக்டோபர் 5 ஞாயிறு நான் பேராதனையிலிருந்து வருவேன். பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் லயத்துக்கே வருகிறேன். சீ.ஆர். கொப்பி வேண்டாம், பிழைக் கொப்பியை எடுத்து வை. அதிலிருந்து பத்துக் கணக்கை எண் மாற்றித் தருவேன், நாற்பத்தைந்து நிமிடம். அடிமட்டம், பென்சில், மணிக்கூடு மேசையில் இருக்கட்டும்.

அண்ணா