மச்சான், 2022 கணக்குக்கு இருக்க முன்னம் உன்னைப் பற்றி நான் எழுதினது

மச்சான், வருசக் கணக்குக்கு இருக்க முன்னம் ரெண்டு பேரும் மற்ற ஆள் என்ன செய்தவர், என்ன செய்யேல்லை எண்டு ஒளிக்காமல் எழுதித் தாங்கோ எண்டு கணக்காளர் ஐயா கேட்டவர்தானே, என்ர இதுதான். அவருக்கும் இதே கொப்பிதான் போகுது, அவருக்கு ஒண்டு உனக்கு வேற ஒண்டு எண்டு இல்லை. வாயால சொல்லத் தொடங்கினால் நீ "சரி விடடா, நடந்தது நடந்து போச்சு" எண்டு கதையை மாத்திப்போடுவாய், நானும் உன்ர முகத்தைப் பாத்திட்டுப் பாதியை விழுங்கிப்போடுவன். அதுதான் எழுத்தில தாறன். கோவத்தில எழுதேல்லை, ஆறுதலா இருந்து யோசிச்சுத்தான் எழுதினனான், நீயும் ஒருக்கா முழுசா வாசிச்சிட்டுப் பேந்து கதை.

முதலே சொல்லிப்போடுறன். இந்த வருசம் எங்கட பிரஸ் பூட்டுப்படாமல் நிண்டது உன்னால. இந்த வருசம் நாங்கள் நட்டப்பட்டதில பெரிய பங்கு வந்ததும் நீ குடுத்த விலையளால. ரெண்டும் உண்மை, ஒண்டைச் சொல்லி மற்றதை மறைச்சால் அது உனக்கும் நியாயமில்லை, எனக்கும் நியாயமில்லை.

மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணினாங்கள், நாடே இருண்டு கிடந்தது, ரவுணில எத்தினை பிரஸ்காரர் ஓர்டர் எடுக்கிறதையே விட்டுப்போட்டு இருந்தவை எண்டு உனக்கும் தெரியும். நீ விடேல்லை. எங்கட குறூப்புக்கு எப்ப கரண்ட் வரும் எண்டு ரைம்ரேபிளைப் பாத்துப் பாத்து ராத்திரி ஒரு மணிக்கும் மெசினை ஓட்டினனி. எங்கட மெசின் சிங்கிள் கலர், நாலு கலர் வேலை எண்டால் ஒரு தாள் நாலு தரம் உள்ளுக்குப் போய் வரோணும், ரெண்டாவது கலர் ஓடேக்க கரண்ட் போனால் றோலரில மை தோல் கட்டத் தொடங்கீரும், தாள் ஈரம் பிடிச்சு அடுத்த கலர் றெஜிஸ்ரரில வந்து விழாது. ஒவ்வொரு தரமும் கரண்ட் போக, நீ ரோச் லைற்றை வாயில கடிச்சுக்கொண்டு மண்ணெண்ணெயில துணி நனைச்சு றோலரையும் பிளாங்கெற்றையும் கையால துடைச்சனி. அந்த மண்ணெண்ணெயும் கடையில சும்மா கிடைச்சதில்லை, கடற்தொழிலுக்குப் போற சனத்தோட லைனில நிண்டு எடுத்தது. கரண்ட் வரத் திரும்ப மை போட்டு, கலரைப் பிடிச்சு, கழிவுத் தாளுக்கும் வழியில்லாததால ஒரே தாளைத் திருப்பித் திருப்பி விட்டுப் பாத்து ஓடினனி. எனக்கு அந்த வேலை தெரியாது, காசு குடுத்து ஆளை வைச்சாலும் உப்பிடி ஒருத்தன் நிண்டிருக்க மாட்டான்.

செத்த வீட்டுக் கல்வெட்டுப் புத்தக விசயத்தை நான் தனியாச் சொல்லோணும். கலியாண கார்ட் ரெண்டு நாள் பிந்தினால் சனம் பேசும், பேந்து எடுத்துக்கொண்டு போகும். 31ம் நாள் கல்வெட்டு அப்பிடியில்லை, வீட்டுக்கிருத்தியம் முடிஞ்சு வந்த சனம் சாப்பிட்டிட்டுப் போகேக்க கையில இருக்கோணும், அடுத்த நாள் குடுத்தால் அது வெறும் கடதாசி. இந்த வருசம் முழுக்க ஒரு கல்வெட்டும் பிந்தேல்லை. ஒண்டும். ஜெனரேற்றருக்கு டீசல் மார்ச்சில 176 ரூபா, ஏப்ரலில 289, ஜூன் கடைசியில 460, அதையும் கானில அடிக்கமாட்டம் எண்டு பெற்றோல் செற்றில திருப்பி விட்ட நேரம் இது. எங்கட பிரஸ்சுக்கு இப்பவும் ஒரு பேர் இருக்கெண்டால் அது இதாலதான், அந்தப் பேரைக் கணக்குக் கொப்பியில எந்த வரியில போடுறதெண்டு ஐயாவுக்கும் தெரியாது, ஆனால் அது உன்ர பேரில நிக்கிற வரவு.

பேப்பரும் அப்பிடித்தான். மேல் மாகாணத்தில பள்ளிக்கூடச் சோதினையையே தாள் இல்லாமல் தள்ளி வைச்ச நேரம் நீ கொழும்புக்குப் போய் றீம் றீமாச் சேத்து நைற் பஸ்ஸின்ர கீழ்த்தட்டில போட்டுக்கொண்டு வந்தனி. லொறிக்காரன் டீசல் இல்லை எண்டு கையை விரிச்சிட்டான், உனக்கு பஸ் கண்டக்டர்மார் பழக்கம், அதால வேலை நடந்தது. பெடியள் மூண்டு பேரையும் நிப்பாட்டுவம் எண்டு நான் சொல்லேக்க நீ ஒத்துக்கொள்ளேல்லை, உன்ர எடுப்பைக் குறைச்சுப்போட்டு அவங்கட சம்பளத்தைக் குடுத்தனி. அதை நான் மறக்கேல்லை.

இனி மற்றப் பக்கம்.

பள்ளிக்கூட ஆண்டு மலர். பெப்ரவரியில நீ தனியாப் போய் விலை குடுத்திட்டு வந்தனி, 200 பக்கம், 1000 புத்தகம், ஆர்ட் பேப்பர், நிலையான விலை. என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அது கூடப் பறவாயில்லை, அட்வான்ஸ் காசு கையில வந்த அண்டைக்கே பேப்பரை வாங்கிப் போட்டிருந்தால் நாங்கள் தப்பியிருப்பம், நீ அந்தக் காசில மெசினுக்கு றோலர் மாத்தினனி, பழைய மைக் கடனைக் கட்டினனி. மார்ச்சில ரூபாயை மிதக்க விட்டாங்கள், 200 சொச்சத்தில நிண்ட டொலர் மேயில 360ஐத் தொட்டுது, பேப்பர் முழுக்க வெளியில இருந்து வாற சாமான், நீ சொன்ன விலைக்கு உள்தாள் மட்டும்தான் வாங்கலாம் எண்ட நிலைமை. அதிபரிட்டப் போய் நிலைமையைச் சொல்லி விலையைத் திருத்துவம் எண்டு நான் கேட்டனான், நீ "வாக்குக் குடுத்திட்டன்" எண்டு ஒரே பிடியா நிண்டனி. உன்ர வாக்கை நான் மதிக்கிறன் மச்சான், ஆனால் அது எங்கட ரெண்டு பேற்ற காசையும் வைச்சுக் குடுத்த வாக்கு. அந்த ஒரு வேலையில போனது ஆறு லட்சத்துக்குக் கிட்ட. ஏப்ரலில மத்திய வங்கி ஒரே அடியா 7 வீதம் வட்டியைக் கூட்டினாப் பிறகு எங்கட ஓவர் டிராப்ற்றுக்கு வங்கி என்ன வட்டி அடிச்சதெண்டு ஸ்ரேற்மென்றில இருக்கு, அந்த ஆறு லட்சத்துக்கும் சேத்துத்தான் இண்டைக்கும் வட்டி ஓடுது.

வெளிநாட்டு ஓர்டரும் இப்பிடித்தான், இதை நீ இன்னும் விளங்கிக்கொள்ளேல்லை எண்டு நினைக்கிறன், அதால விரிச்சுச் சொல்லுறன். கனடாவில இருக்கிற மகன் வாட்ஸ்அப்பில படத்தை அனுப்பித் தகப்பன்ர கல்வெட்டைக் கேக்கிறார், நீ பழைய பழக்கத்தில "அறுபதாயிரம் அண்ணை" எண்டு சொல்லுறாய். ஜனவரியில அந்த அறுபதாயிரத்துக்கு அவர் முன்னூற்றைம்பது கனடா டொலருக்கு மேல மாத்தியிருப்பார். மேயில அதே அறுபதாயிரத்துக்கு அவருக்கு இருநூற்றிருபது கூடத் தேவைப்படேல்லை. எங்களுக்குப் பேப்பர், பிளேற், மை எல்லாம் டொலர் விலையில ஏறுது, எங்களிட்ட வேலை செய்விக்கிறவைக்கு மட்டும் விலை இறங்குது. அவையள் கூடக் கேட்டாலும் தந்திருப்பினம், நல்ல சனம். நீ கேக்கேல்லை.

கடன் கொப்பி எண்டு ஒண்டு எங்களிட்ட இல்லை. ஜொப் ரிக்கற்றுக்குப் பின்னால ஒரு தொகை, உன்ர ஃபோனில ஒரு தொகை, மிச்சம் உன்ர தலைக்குள்ள. செத்த வீட்டுக்காரரிட்டப் போய் எப்பிடிக் காசு கேக்கிறது எண்டு நீ சொல்லுறதில ஒரு நியாயம் இருக்கு, 31 முடிஞ்ச கையோட கேக்கச் சொல்லி நானும் சொல்லமாட்டன், ஆனால் ஆறு மாசம் கழிச்சும் ஒரு மெசேஜ் போடேல்லை எண்டால் அவையளே மறந்திருவினம், கேக்காமல் விட்டதால குடுக்காமல் விட்டவை.

ஒக்டோபர். இதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமா இருந்தது. நீ பாஸ்போட்டுக்கும் ஏஜென்சிக்கும் எண்டு கொழும்பில போய் நிண்டதை நான் உன்ர வாயால அறியேல்லை, கலண்டர் ஓர்டர் கேட்டு வந்த கடைக்காரர் சொல்லித்தான் அறிஞ்சனான். பிரஸ் பெடியனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. போக நினைக்கிறது பிழையில்லை, ரெண்டு பிள்ளையள், வீட்டுக் கடன், இந்த நாட்டில இந்த வருசம் ஆர்தான் போக யோசிக்கேல்லை. ஆனால் கலண்டர் சீசன் தொடங்கிற நேரம் மெசினுக்கு ஆளில்லாமல் நான் வந்த வேலையளைப் பக்கத்துப் பிரஸ்சுக்குக் காட்டி விட்டனான், வருசக் கடைசியில எங்களைத் தூக்கி விடுறதே அந்தக் கலண்டர் காசுதான். முதலே சொல்லியிருந்தால் ஒரு ஆளைப் பிடிச்சிருப்பன். அது எனக்கு நல்லா நொந்தது, நீ வந்தாப் பிறகும் அதைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை.

சரி, இனி நான் கேக்கிறது. பங்கு பாதிப் பாதியாவே இருக்கட்டும், மலர் நட்டத்தையும் பாதிப் பாதியாவே ஏற்பம், அதை உன்ர தலையில கட்டச் சொல்லி நான் ஐயாவிட்டக் கேக்கேல்லை. ஆனால் தை மாசத்தில இருந்து விலை குடுக்கிறது என்ர வேலை, சின்ன நோட்டீஸ் எண்டாலும் என்னட்டக் கேட்டிட்டுத்தான் சொல்லோணும், குடுத்த விலை ஒரு கிழமைக்குத்தான் செல்லும் எண்டு கொட்டேசனிலேயே எழுதுவம். அட்வான்ஸ் காசில முதல் பேப்பர், பிறகுதான் மற்றது. வெளிநாட்டு ஓர்டருக்கு விலையை அவையின்ர காசிலேயே சொல்லுவம். மெசின், பெடியள், வேலை முடிச்சுக் குடுக்கிறது முழுக்க உன்ர கையில, அதுக்குள்ள நான் மூக்கை நீட்டமாட்டன். இன்னொண்டு, நீ ராத்திரி ராத்திரியா ஓடின வேலைக்கு இவ்வளவு நாளும் ஒரு சதமும் போடேல்லை, லாபம் பிரிக்க முன்னம் மெசின்காரன்ர சம்பளம் ஒண்டு மாசாமாசம் உன்ர பேரில எழுதோணும் எண்டு ஐயாவுக்குச் சொல்லிப்போட்டன். 2022க்கும் சேத்து எழுதச் சொல்லித்தான் சொன்னனான். அந்தக் காசு இப்ப கையில இல்லை, ஆனால் பிரஸ் உனக்குத் தரவேண்டிய கடனா அது கொப்பியில நிக்கட்டும்.

நீ போறியோ நிக்கிறியோ எண்டதை மாசி முடிய முன்னம் எனக்கு நேர சொல்லு. போறதெண்டால் மெசினைப் பழக்கிவிட ஒரு பெடியனைத் தேடோணும், அதுக்கே பல மாசம் எடுக்கும், உன்ர பங்குக் காசையும் தவணை தவணையாத்தான் என்னால தரலாம். நிக்கிறதெண்டால் எனக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை, மெய்யாத்தான் சொல்லுறன்.

ஐயா ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாறாராம். ஜொப் ரிக்கற் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வா, ஃபோனில இருக்கிற கடன் விபரத்தை அதுக்கு முன்னம் ஒரு தாளில எழுதி வை. என்னைப் பற்றி நீ எழுதினதையும் கொண்டு வா, குறைச்சு எழுதாத.