சைலஜாவுக்கு ஓர் உகாதி வாழ்த்து

மேற்கு மாம்பலம், சென்னை
18 மார்ச் 2026, இரவு

அன்புள்ள சைலஜா,

நீக்கு, மீ இண்ட்லோ அந்தரிகீ உகாதி சுபாகாங்க்ஷலு!

நாளைக் காலையில் எழுந்து, தலண்டு ஸ்நானம் முடித்து, வாசலில் மாவிடாகுல தோரணம் கட்டிவிட்டு நீ கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது என் வாழ்த்துதான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக இரவே எழுதி அனுப்புகிறேன். தெலுங்குச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். அவற்றை உன் குரலில் வாசித்துக்கொள்.

எலா உன்னாவு? அத்தய்யகாரு எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்களா? முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் சில மாதங்கள் பொறுமையைச் சோதிக்கும். உடற்பயிற்சியை மட்டும் ஒரு நாளும் விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அவர்களுக்கு நா நமஸ்காராலு.

நீ ராஜமகேந்திரவரம் போன பிறகு வரும் முதல் உகாதி இது. போன வாரம் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது மூன்றாவது வீட்டு வசந்தி கேட்டாள்: "இந்த வருடம் உகாதி பச்சடி யார் தருவார்கள்?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அன்று இரவு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரே கொண்டாடும் பண்டிகையைக் கொண்டாட முயற்சி எதுவும் வேண்டாம்; தெருவே நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். உன் உகாதி அப்படி இல்லை. எங்கள் எட்டு வீடுகளுக்கு நடுவில் உன் ஒரு வீட்டில்தான் அது நடந்தது. விடியும் முன் எழுந்து நீயே செய்து, எந்த வீட்டையும் விடாமல் கதவைத் தட்டி, சின்னச் சின்னக் கிண்ணங்களில் பச்சடி கொடுத்துவிட்டுத்தான் உன் வீட்டுக்குள் போய் நீ சாப்பிடுவாய். அதற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பும் எவ்வளவு அன்பும் இருந்தன என்பது, நாளைக்காக இன்று நாங்கள் சாமான் சேர்க்கும்போதுதான் முழுதாகப் புரிகிறது.

ஆம், சேர்த்துவிட்டோம். நுவ்வு லேகுண்டா இக்கட பண்டக சேஸ்துன்னாம்!

புதிய மண்சட்டியை கவினின் அப்பா வாங்கி வந்தார். பம்பு அறைக்குப் பக்கத்து வேப்பமரம் இப்போதுதான் பூவிடத் தொடங்கியிருக்கிறது. இந்த முறை உகாதி மார்ச் நடுவிலேயே வந்துவிட்டதால் கொத்துகள் குறைவு. கைக்கு எட்டும் கிளையில் இருந்ததெல்லாம் மொட்டுதான். கவினும் வசந்தியின் மகளும் மொட்டை மாடியிலிருந்து குச்சியால் வளைத்து ஒரு கிண்ணம் வேப புவ்வு பறித்துவிட்டார்கள். மாங்காயைத் தோலோடு பொடிப்பொடியாக நறுக்க வேண்டும், அந்தத் தோலில்தான் வகரு இருக்கிறது என்று நீ சொல்வாயே, அதைக் கவின் எனக்கே பாடம் எடுக்கிறான். புளிக்கரைசல், பெல்லம், உப்பு, பச்சை மிளகாய் எல்லாம் தயார். தீபி, புலுபு, உப்பு, காரம், சேது, வகரு என்று ஆறு சுவைகளையும் அவன் விரல்விட்டு எண்ணுவதைக் கேட்டால் நீ மகிழ்ந்துபோவாய்.

அடுப்பில் வைக்கக் கூடாது என்பதையும் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் சித்திரை முதல் நாளன்று மாங்காயை வெல்லப்பாகில் வேகவைத்து, வேப்பம்பூவை நெய்யில் வறுத்துப் போடுவோம். கசப்பு அதில் அடங்கிப்போய்விடும். உன் பச்சடியில் பச்சைப் பூவின் கசப்பு நேராக நாக்கில் இறங்கும். முதல் வருடம் ஒரு வாய்க்கு மேல் இறங்காத எனக்கு, பிறகு அது இல்லாமல் பங்குனி மாதம் நிறைவாகத் தோன்றியதே இல்லை. கீழ்வீட்டுப் பாட்டி பொப்பட்லுவுக்கு இன்றே கடலைப்பருப்பை வேகவைத்துப் பூரணம் பிடித்து வைத்துவிட்டார். அவர் அதைப் போளி என்றுதான் சொல்வார், நாளைக்கு மட்டும் பொப்பட்லு என்று சொல்லும்படி குழந்தைகள் அவரைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தெலுங்கு வருடப் பிறப்புக்கு இங்கே அரசு விடுமுறை என்பதால் வியாழக்கிழமையாக இருந்தாலும் எல்லோரும் வீட்டில் இருப்போம். அமாவாசை விலகிப் பாட்யமி பிறப்பதே காலை ஏழு மணியை ஒட்டித்தான். அதனால் அவசரமில்லாமல், அதன் பிறகே படைத்துவிட்டு வீடு வீடாகக் கொடுக்கப் போகிறோம். நீ எந்த வரிசையில் போவாயோ அதே வரிசையில், தரைத்தளத்திலிருந்து தொடங்கி.

ஒன்று மட்டும் எங்களால் முடியாது. பஞ்சாங்க சிரவணம். தெலுங்குப் பஞ்சாங்கத்தைப் படிக்க எங்களில் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. மாலையில் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் ராசிக்கும் ஆதாயம், வியயம், ராஜபூஜ்யம், அவமானம் எல்லாம் எவ்வளவு என்று நீ வாசித்துச் சொல்வாய். வியயம் கூடுதலாக வந்தவரிடம், "கவலைப்படாதீர்கள், ராஜபூஜ்யமும் கூடத்தான் இருக்கிறது" என்று நீ தேற்றுவதைக் கேட்கவே பலர் வருவார்கள். நாளை மாலை ஆறு மணிக்கு வீடியோ அழைப்பில் வருகிறாயா? பராபவ நாம சம்வத்சரம் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று நீயே சொல்ல வேண்டும். மீனத்தையும் கன்னியையும் கொஞ்சம் நிதானமாக வாசி. கீழ்வீட்டு மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டது.

அதே பராபவ வருடம் எங்களுக்கு ஏப்ரல் 14 அன்றுதான் பிறக்கிறது. நீங்கள் நிலவைப் பார்த்து வருடத்தைத் தொடங்குகிறீர்கள், நாங்கள் சூரியன் மேஷத்தில் நுழைவதைப் பார்த்து. நடுவில் 26 நாட்கள் இருக்கின்றன. அத்தய்யகாரைப் பார்த்துக்கொள்ள உன் நாத்தனார் வருவதாகச் சொன்னாயே, அந்தச் சமயத்தில் இரண்டு நாட்களாவது வந்து போ. சர்க்கார் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் எழும்பூரில் இறங்கிவிடலாம். நாங்கள் வந்து அழைத்துக்கொள்கிறோம். ஸ்ரீநிதியையும் கூட்டி வா. கவின் அவளுக்காகச் செஸ் பலகையை எடுத்து வைத்திருக்கிறான். மேமந்தா எதுரு சூஸ்துன்னாம்.

ஆத்ரேயபுரம் பூதரேகுலு போன மாதம் வந்து சேர்ந்த அன்றே தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். வரும்போது கடியம் நர்சரியிலிருந்து ஒரு சிறிய கறிவேப்பிலைக் கன்றும் கொண்டு வந்தால் உன் பழைய பால்கனியில் இருந்த தொட்டியில் வைத்துவிடுவேன். அந்தத் தொட்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. 2027இல் கோதாவரி புஷ்கரம் வருகிறதல்லவா, அப்போது எங்கள் முறை. நான்கு பேரும் உன் வீட்டில்தான் தங்கப் போகிறோம்.

புதிய வருடத்தில் அத்தய்யகாருக்கு நல்ல நடையும், உன் கணவருக்குப் புதிய அலுவலகத்தில் நிம்மதியும், ஸ்ரீநிதிக்கு மனதுக்குப் பிடித்த தோழிகளும் கிடைக்க வேண்டும். உனக்கு, எல்லோரையும் கவனித்தது போக, உனக்கென்று ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரமாவது கிடைக்க வேண்டும். இதை மனதார வேண்டிக்கொள்கிறேன்.

பாபகி முத்துலு. சித்திரைக்குத் தப்பகுண்டா ரா!

அன்புடன்,
மீனாட்சி

பின்குறிப்பு: பச்சடியில் புளி எவ்வளவு என்று இரவே ஒரு வரி அனுப்பிவிடு. ஒரு எலுமிச்சை அளவு எடுத்து ஊறப் போடப் போகிறேன், எட்டு வீட்டுக்கு அது போதுமா?